எண்பது சொல்லில் ஜட்ஜம்மா

"என் குரல் எப்படி இருக்குன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஒரே வார்த்தையிலயா?"

"ஆமா. உண்மையைச் சொல்லுங்க. நான் அழ மாட்டேன்."

"தள்ளி."

"என்னது?"

"சிரிப்பு வந்தா மைக்கை விட்டுத் தள்ளிப் போயிடறீங்க. பாதிச் சிரிப்பு சுவத்துக்குத்தான் கேக்குது. தள்ளாதீங்க. பக்கத்துலயே சிரிங்க, அளவை நான் பாத்துக்கறேன்."

ஆறு வருடத்துக்கு முன்னால், அந்தப் பண்பலை நிலையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளரோடு நடந்த பேச்சு அது. அவள் மைக்குக்குப் பக்கத்திலேயே சிரித்தாள். அவர் ஏதோ ஒரு குமிழைக் கொஞ்சம் கீழே இறக்கினார். அன்றிலிருந்து அவள் சிரிப்பு ஊருக்கு முழுசாகக் கேட்கிறது.

அவள் நடத்துவது 'வீட்டு வழக்கு' என்ற நேரலை நிகழ்ச்சி. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை நான்கிலிருந்து ஐந்து. வீட்டில் நடக்கும் சின்னச் சண்டைகளை நேயர்கள் தொலைபேசியில் கொண்டுவருவார்கள். அவள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வாள். இரண்டாவது வாரமே நேயர்கள் அவளுக்கு 'ஜட்ஜம்மா' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். ஒலிப்பதிவாளரை நிலையத்தில் எல்லோரும் 'சவுண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். நிலையம் இருந்த மூன்றாவது மாடியிலேயே மிகக் குறைவாகப் பேசுகிற மனிதருக்கு அந்தப் பெயர். நாற்பது வயது, அண்ணன் வீட்டு மாடியில் தனியாக வாசம், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஜட்ஜம்மாவுக்கு முப்பத்தேழு. அவளுக்கும் ஆகவில்லை.

இந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு நிகழ்ச்சிப் பொறுப்பாளர் மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எப்போதும் வேகமாகப் பேசுகிறவர் அன்று நாற்காலியைக் காட்டி, "உக்காரும்மா" என்றதும் ஜட்ஜம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"நம்ம ஏழு நிகழ்ச்சியில ரெண்டைத்தான் அந்த பாட்காஸ்ட் கம்பெனிக்காரங்க எடுக்கறாங்கன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"எடுக்காத அஞ்சுக்கும் ஒண்ணாந்தேதியிலேருந்து பாட்டுதான். ஆளே வேண்டாம், கம்ப்யூட்டர் போட்டுக்கும். முதலாளி முடிவு பண்ணிட்டாரு. காலை நிகழ்ச்சி தேறிடுச்சு. மிச்சம் ஒரு இடம்தான் இருக்கு."

"நான்தான் பயோ, சாம்பிள் எல்லாம் போன வாரமே அனுப்பிட்டேனே."

"சாம்பிள் ஆடியோ பிடிச்சிருக்காம். பயோதான் திரும்பி வந்துடுச்சு." மேடம் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "நீயே படி. சத்தமாப் படி."

ஜட்ஜம்மா படித்தாள். "பன்முகத் திறமை கொண்ட வானொலித் தொகுப்பாளர். வணிகவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். பன்னிரண்டு ஆண்டுகள் ஊடக அனுபவம் மிக்கவர். குடும்ப நலம், உறவுகள், சமூகம், வாழ்வியல் எனப் பல்வேறு தலைப்புகளில் அனைத்துத் தரப்பு நேயர்களையும் கவரும் வண்ணம்..."

நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்ட?"

"யாரோ ஒருத்தருக்குப் பாராட்டு விழா நடக்கற மாதிரி இருக்கு மேடம்."

"அதேதான். கீழ அந்தம்மா என்ன எழுதியிருக்காங்க பாரு."

பாட்காஸ்ட் நிறுவனத்தின் தேர்வாளர் ஒரு பெண். மூன்றே கேள்விகளை எழுதியிருந்தார். இவர் குரல் எப்படி இருக்கும்? எதைப் பற்றிப் பேசுவார்? யாருக்காகப் பேசுகிறார்? இந்த மூன்றும் இதைப் படித்தால் தெரியவில்லை. எண்பது சொல்லுக்குள், வேறொருவர் அறிமுகப்படுத்துவதுபோல் எழுதுங்கள். கைபேசிச் செயலியில் முதல் இரண்டு வரிதான் தெரியும். மீதியைப் படிக்க 'மேலும்' என்பதை அழுத்த வேண்டும். அழுத்த வைப்பது உங்கள் பொறுப்பு. வியாழன் மதியம் பன்னிரண்டு மணிக்குள் வந்தால்தான் பரிசீலிக்க முடியும்.

"நாளைக்கு மதியம்" என்றார் மேடம். "ஊருல உள்ள சண்டையெல்லாம் ஒரு மணி நேரத்துல தீத்து வைக்கற. உன்னைப் பத்தி எண்பது வார்த்தை எழுதத் தெரியலையா?"

"அடுத்தவங்க வீட்டு வழக்குன்னா வாய் தானா வருது மேடம்."

அவள் நேராக ஒலிப்பதிவு அறைக்குப் போனாள். சவுண்டு ஒரு பழைய ஹெட்போனைப் பிரித்துப்போட்டு அதன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னதும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணாந்தேதியிலேருந்து பாட்டா?"

"பாட்டுதான். உங்களுக்கும் வேலை மிச்சம்."

அவர் சிரிக்கவில்லை. "முதல் கேள்வி குரலைப் பத்திதானே? அதை நான் எழுதித் தரேன்" என்றார். பத்து நிமிடத்தில் ஒரு தாளை நீட்டினார்.

ஜட்ஜம்மா வாசித்தாள். "நடுத்தரக் குரல். அடித்தொனி போதுமான அளவு உண்டு. 'ச' வரும் இடங்களில் லேசான விசில். ஆறு கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம் வைக்கவும். சிரிப்பு வந்தால் திடீரென்று ஏறும், எச்சரிக்கை."

தாளிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"இது என்னைப் பத்தின அறிமுகமா, இல்ல மிக்ஸியோட வர்ற புத்தகமா?"

"குரல் எப்படின்னுதானே கேட்டாங்க" என்றார் அவர், உண்மையிலேயே குழம்பிப்போய்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருந்த கவலைக்கு நடுவிலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எச்சரிக்கைன்னு வேற போட்டிருக்கீங்க. ஏதோ ஹை வோல்டேஜ் மாதிரி." அவரும் கடைசியில் சிரித்துவிட்டார். ஆனால் எண்பது சொல் வேண்டிய இடத்தில் ஒரு சொல்லும் தேறவில்லை.

மாலை நான்கு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. அது சின்ன நிலையம் என்பதால் வரும் அழைப்புகளை முதலில் எடுத்து விசாரிப்பதும் சவுண்டுதான். யார், என்ன வழக்கு என்று இரண்டு வரி அடித்து அவள் திரைக்கு அனுப்புவார். முதல் அரை மணி நேரம் சாதாரணமாகப் போனது. நாலரைக்கு அவள் திரையில் வந்தது: 'லைன் 1. கூரியர்காரர். குளியலறைக் கண்ணாடி வழக்கு.'

"சொல்லுங்க, கண்ணாடிக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"வணக்கம் ஜட்ஜம்மா. நான் ரோட்டோரமா வண்டியை நிறுத்திட்டுப் பேசறேன். எங்க வீட்டுக் கண்ணாடி நெஞ்சு உயரத்துல இருந்துச்சு. நான் ஆறடி. தினமும் குனிஞ்சு குனிஞ்சு சவரம் பண்ணி இடுப்பு போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை நாலு விரக்கடை ஏத்தி அடிச்சேன். அதுக்குப் போயி மூணு நாளா வீட்ல பேச்சு கிடையாதுங்க."

"உங்க வீட்டுக்காரம்மா எவ்வளவு உயரம்?"

"அது வந்து... என் தோளுக்குக் கீழ."

"அப்ப அவங்களுக்கு இப்ப கண்ணாடியில என்ன தெரியுது?"

"நெத்தி தெரியும்."

"நெத்தி மட்டுமா?"

"எக்கினா கண்ணும் தெரியும்."

அந்த நேரம் திரையில் இன்னொரு வரி வந்தது. 'லைன் 2. தையற்கடை. இதுவும் கண்ணாடிதான். புருஷன் கூரியர். அவங்களுக்கு இவர் லைன்ல இருக்கறது தெரியாது.' கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சவுண்டு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டையும் சேர்த்துப் போடட்டுமா என்று அர்த்தம். ஜட்ஜம்மா கண்ணால் சரி என்றாள்.

"ஒரு நிமிஷம் இருங்க அண்ணா. இன்னொரு நேயர் வராங்க. வணக்கம், சொல்லுங்கம்மா."

"வணக்கம் ஜட்ஜம்மா" என்றது ஒரு பெண் குரல். பின்னால் தையல் இயந்திரங்கள் ஓடும் சத்தம். "எங்க வீட்டுக்காரரு கண்ணாடியை ஏத்தி மாட்டிட்டாரு. நான் மூணு நாளா பொட்டைத் தடவிப் பாத்து வச்சிட்டு வரேன். இன்னைக்குக் கடையில எல்லாரும் சிரிச்சாங்க, புருவத்துல இருந்திருக்கு."



"ஏய்" என்றது லைன் ஒன்று.

"யாரது?" என்றது லைன் இரண்டு.

"நீ இந்த நிகழ்ச்சியெல்லாம் கேப்பியா?"

"நீங்க கேப்பீங்களா? எனக்குப் பாட்டுதான் பிடிக்கும், இந்தப் பொம்பளைங்க பஞ்சாயத்தை எவன் கேப்பான்னு சொன்னீங்க?"

ஜட்ஜம்மா மைக்குக்குப் பக்கத்திலேயே சிரித்தாள். தையற்கடையில் இயந்திரங்கள் நின்றுவிட்டன. ஒரு பட்டாளமே சிரிப்பது கேட்டது.

"சரி, தீர்ப்புச் சொல்றேன்" என்றாள். "கண்ணாடியைப் பழைய இடத்துலயே இறக்கி மாட்டணும். முழு முகம் தெரியாம ஒருத்தர் வீட்டை விட்டுக் கிளம்பறது நியாயம் இல்ல. அண்ணா, ஒரு முக்காலி வாங்கிப் போட்டு உக்காந்து சவரம் பண்ணுங்க."

"சரிங்க ஜட்ஜம்மா."

"என்ன இது, அப்பீலே இல்லாம ஒத்துக்கறீங்க?"

கூரியர்காரர் தொண்டையைச் செருமினார். "உண்மையைச் சொல்லட்டுங்களா? இறக்கணும்னு காலையில பதினோரு மணிக்கே முடிவு பண்ணிட்டேன். ஆனா நானா இறக்கினா தோத்த மாதிரி இருக்கும்ல? நீங்க சொல்லி இறக்கினா கௌரவமா இருக்கும். அதுக்குத்தான் போன் போட்டேன்."

"நானும் அதுக்குத்தாங்க போட்டேன்" என்றாள் அவர் மனைவி. "இறக்க வேண்டாம்னு நீங்க சொல்லியிருந்தாலும், ஜட்ஜம்மாவே சொல்லிட்டாங்க, பரவாயில்ல இருக்கட்டும்னு விட்டுடலாம்னு பாத்தேன். மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருக்க எனக்கும் முடியலை."

"எப்ப வீட்டுக்கு வருவ?"

"அஞ்சரைக்கு."

"நான் வந்து கூட்டிட்டுப் போறேன். வழியில முக்காலி வாங்கிக்கலாம்."

சவுண்டு விளம்பரத்தைப் போட்டார். கண்ணாடி வழியே பார்த்தபோது அவர் குனிந்து ஒரு தாளில் மும்முரமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஜட்ஜம்மா நாற்காலியில் சாய்ந்தாள். மைக்கில் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அப்போது அவள் வழக்கமாகச் செய்கிற ஒன்றைச் செய்தாள். "பாவம், ஆறடி மனுஷன்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். "முக்காலியில உக்காந்தா காலை எங்க நீட்டுவாரு? ஒருவேளை ரெண்டு கண்ணாடின்னு சொல்லியிருக்கணுமோ?" தீர்ப்பில் தோற்றவருக்காக அவள் இப்படி வாதாடாத நாளே கிடையாது. மைக் மூடியிருப்பதால் நேயர் யாருக்கும் அது கேட்காது.

வீட்டுக்குப் போனபோது அப்பா கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். முப்பது வருடம் ஒரு நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மதியமே அவள் போனில் சொல்லியிருந்ததால் பேனாவும் தாளும் தயாராக இருந்தன.

"கண்ணு, எண்பது வார்த்தை எதுக்கு? நான் இருபதுலயே முடிச்சிட்டேன்" என்றார் பெருமையாக.

ஜட்ஜம்மா வாங்கிப் பார்த்தாள். "வயது 37. முதுகலை. உயரம் ஐந்தடி மூன்று. இனிய குரல், பொறுமைசாலி. நிரந்தர வேலை. சமையல் சுமார். சொந்த ஸ்கூட்டர். நற்குணமுள்ள நேயர்கள் தொடர்பு கொள்ளவும்."

"அப்பா, இது மாப்பிள்ளை தேடற விளம்பரம்."

"நேயர்கள்னுதானே போட்டிருக்கேன்?"

"சமையல் சுமார்னு எதுக்குப் போட்டீங்க?"

"பின்னால தெரிஞ்சு பிரச்சினை வரக்கூடாதுல்ல."

அவள் சோபாவில் விழுந்து தலையணையால் முகத்தை மூடிக்கொண்டாள். தலையணைக்குள்ளிருந்து, "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எழுதலைன்னா ஒண்ணாந்தேதி என் நிகழ்ச்சி கிடையாதுப்பா" என்றாள். அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று அப்பாவின் விளையாட்டை நிறுத்தியது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன்னைப் பத்தி நீயே எழுதினா தற்பெருமை ஆயிடும்னு கூச்சப்படற. நான் எழுதினா பெத்த பாசம் வந்துடுது. தினமும் உன் நிகழ்ச்சியை ஒரு வரி விடாம கேக்கறவங்க யாராவது எழுதட்டுமே."

"அப்படி யாருப்பா இருக்கா? நீங்களே பாதி நாள் தூங்கிடறீங்க."

"நான் வயசானவன், என்னை விடு. அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்காரே, அவரு தூங்க முடியுமா?"

ஜட்ஜம்மா தலையணையை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "அவரு ரொம்ப நல்லவரு" என்றார், மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "போன வருஷம் நம்ம ரேடியோவைச் சரி பண்ண வந்தப்ப, அரை மணி நேர வேலையை மூணு மணி நேரம் பண்ணினாரு. நான் ஒண்ணும் கேக்கலை."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சவுண்டுக்கு போன் செய்தாள். முழுக் குறிப்பையும் அவரே எழுதித் தர முடியுமா என்று கேட்டாள்.

"கிலோஹெர்ட்ஸ் வரக்கூடாது" என்றாள்.

"வராது. காலையில தரேன்" என்றார் சவுண்டு.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே நின்றார். சட்டைப் பையில் இன்னும் மூன்று நான்கு கசங்கிய தாள்கள் எட்டிப்பார்த்தன. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் மேடமும் வந்து தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஜட்ஜம்மா வாய்விட்டுப் படித்தாள்.

"காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டு, மாலை வீடு திரும்புவதற்குள் சமாதானமாக ஒரு சாக்குத் தேடுகிறவரா நீங்கள்? ஜட்ஜம்மாவிடம் வாருங்கள். கண்ணாடியை எந்த உயரத்தில் மாட்டுவது, ஈரத் துண்டை எங்கே போடுவது, மாமியார் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது போன்ற உலகத்தின் மிகச் சின்ன வழக்குகளை ஆறு வருடமாக விசாரிக்கிறார். அவசரமில்லாத குரல், பக்கத்து வீட்டிலிருந்து மதில் வழியாகப் பேசுவதுபோல. தீர்ப்புக்கு முன்னால் ஒரு சிரிப்பு நிச்சயம். தோற்றவர்கூட அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்வார். தீர்ப்புச் சொன்ன பிறகு, தோற்றவர் பக்கத்து நியாயத்தைத் தனக்குள் முணுமுணுத்து, 'பாவம்' என்று வருத்தப்படுகிறவர்."

மேடம்தான் முதலில் மூச்சு விட்டார். "முதல் வரியைப் படிச்சதும் எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்துடுச்சு" என்றார். "சவுண்டு, உனக்குள்ள இப்படி ஒரு ஆளு இருக்கானா?"

ஜட்ஜம்மா தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யாருக்காகப் பேசுகிறாள் என்பது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. குடும்பத் தலைவிகள், இருபத்தைந்து முதல் நாற்பத்தைந்து வயது என்றுதான் விளம்பரப் பிரிவு ஆறு வருடமாகச் சொல்லிவந்தது. கூரியர்காரரும் தையற்காரம்மாவும் ஒரே நாளில் ஒரே காரணத்துக்காகக் கூப்பிட்டது வெறும் வேடிக்கை என்று அவள் நினைத்துவிட்டிருந்தாள். சவுண்டு அதை அப்படியே பிடித்து முதல் வரியில் வைத்துவிட்டார்.

ஆனால் கடைசி வாக்கியத்தில் அவள் விரல் நின்றது.

"இந்த ஒரு வரி மட்டும் வேண்டாம்" என்றாள்.

"ஏம்மா? அழகா இருக்கே" என்றார் மேடம்.

"அது ஏர்ல போகாது மேடம். கேக்கறவங்களுக்குத் தெரியாது. குறிப்புல படிச்சிட்டு நிகழ்ச்சியில தேடினா கிடைக்காது."

"அது சரிதான். நிகழ்ச்சியில இல்லாததைச் சொன்னா ஏமாத்தின மாதிரி ஆயிடும்." மேடம் பேனாவால் அந்த வரியை அடித்தார். "மிச்சம் எண்பதுக்குள்ள வருதா பாருங்க, அனுப்புங்க."

சவுண்டின் காது மடல் சிவந்திருந்தது. கையில் கடிகாரத்தோடு அறைக்கு நடுவில் நின்று, மீதியை மெதுவாக ஒரு முறை வாசித்துப் பார்த்தார். நாற்பது நொடிக்குள் முடிந்தது. சொற்களை எண்ணினார், இடம் மிச்சமிருந்தது. பதினொன்று ஐம்பதுக்கு ஜட்ஜம்மா அனுப்பு பொத்தானை அழுத்தினாள். அழுத்திவிட்டு நகம் கடித்தாள். அவர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு மேடத்தின் தொலைபேசி அடித்தது. மேடம் அதை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கே வந்துவிட்டார்.

"ஜட்ஜம்மா இருக்காங்களா?" தேர்வாளரின் குரல். "உங்க புது பயோவை என் போன்லயே திறந்தேன், நேயருக்கு எப்படித் தெரியும்னு பாக்க. ரெண்டு வரிதான் தெரிஞ்சுது. யோசிக்காம 'மேலும்' அமுக்கிட்டேன். ஏன்னு சொல்லட்டுமா? இன்னைக்குக் காலையில எங்க வீட்டுல டீ டம்ளர் வழக்கு. நானும் மூஞ்சியத் திருப்பிட்டுத்தான் வந்தேன்."

"யாரு கழுவறதுன்னா?" என்றாள் ஜட்ஜம்மா.

"எத்தனை டம்ளர் எடுக்கறதுன்னு. அவரு ஒரு நாளைக்கு ஆறு எடுக்கறாரு."

"ஒரே டம்ளர்தான் எடுக்கணும். ஆனா அது பெரிய டம்ளரா இருக்கட்டும்."

அந்தப் பக்கம் பலத்த சிரிப்பு. "உங்க நிகழ்ச்சியை எடுத்துக்கறோம். ஒண்ணாந்தேதியிலேருந்து வாரம் ரெண்டு பகுதி, நேரலையும் அப்படியே நடக்கட்டும். பயோவுல ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம். ஆனா ஒண்ணு கேக்கணும், இதை எழுதினது யாரு?"

"எங்க ஒலிப்பதிவாளர்."

"அதான் பாத்தேன். மேலோட்டமாக் கேட்டவங்க எழுதினது இல்ல இது" என்றார் அந்தப் பெண். "அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க."

வராந்தா கொஞ்ச நேரம் கல்யாண வீடு போல ஆனது. கணக்கு அறையிலிருந்தும் செய்திப் பிரிவிலிருந்தும் வந்து கை குலுக்கினார்கள். மேடம் அவளைக் கட்டிப்பிடித்து, "கம்ப்யூட்டர் பாட்டு போடட்டும், வேற எங்கயாவது போடட்டும்" என்றார். ஜட்ஜம்மா அப்பாவுக்கு போன் செய்தாள். "நான்தான் யாரை எழுதச் சொல்லணும்னு சொன்னேன், அதை மறந்துடாத" என்றார் அப்பா. பிறகு, "அவரை ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடு கண்ணு. சமையல் நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்தக் கூட்டத்தில் சவுண்டு இல்லை.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஜட்ஜம்மா ஒலிபரப்பு அறைக்குள் போனாள். அவர் அவள் மைக்கின் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் செய்கிற வேலைதான். ஆனால் இன்று துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். கனமான கதவு அவளுக்குப் பின்னால் தானாக மூடிக்கொண்டது.

"உங்களுக்கு வணக்கம் சொன்னாங்க" என்றாள்.

"கேட்டுச்சு. மேடம் போன் சத்தம் எனக்குக் கீழ் மாடியில இருந்தாலும் கேக்கும்."

"ஒரு சந்தேகம். விளம்பரம் ஓடறப்ப நான் முணுமுணுக்கறது உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு? என் மைக் மூடியிருக்குமே."

அவர் துணியை மடித்தார். "வெளிய போகாது. ஆனா என் ஹெட்போன்ல வரும். விளம்பரம் முடிஞ்சதும் உங்க குரல் சரியான அளவுல கிளம்பணும்ல, அதுக்காக எப்பவும் கேட்டுட்டுத்தான் இருப்பேன். வேலை அப்படி."

"ஆறு வருஷமாவா?"

"ஆறு வருஷமா."

"எல்லாமேவா?"

"உங்க அப்பா மாத்திரை போட்டாரான்னு போன்ல கேக்கறது. தப்பான ராகத்துல பாடறது. தோத்தவங்களுக்காக நீங்களே வக்கீலாகி வாதாடறது." ஒன்றொன்றையும் ஏதோ பொருளை எடுத்து மேஜையில் வைப்பதுபோல் நிதானமாகச் சொன்னார். "காலையில நீங்க அந்த வரியை அடிக்கச் சொன்னப்பதான் எனக்கே உறைச்சுது. எது ஊருக்குக் கேட்டுச்சு, எது எனக்கு மட்டும் கேட்டுச்சுன்னு எனக்குப் பிரிக்கவே தெரியலை. ராத்திரி உக்காந்து எழுதறப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு. மன்னிச்சிடுங்க."

"நான் எதுக்கு அதை அடிக்கச் சொன்னேன்னு நினைக்கறீங்க?"

"நிகழ்ச்சியில இல்லாததை..."

"அது மேடத்துக்குச் சொன்ன காரணம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சுவர்க் கடிகாரம் நான்குக்கு ஆறு நிமிடம் காட்டியது. ஜட்ஜம்மாவின் குரல் அவளுக்கே கொஞ்சம் புதிதாகக் கேட்டது.

"மிச்சச் சொல்லெல்லாம் எல்லாருக்கும். அதை ஊரே படிச்சுக்கட்டும். அந்த வரி மட்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்னு தோணுச்சு."

அவர் கையிலிருந்த துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மைக்கின் மேல் போட்டார். பிறகு அதை எடுத்தார். பிறகு திரும்பவும் போட்டார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். இந்த மனிதருக்கு இன்று உதவி செய்யக் கூடாது, இவரே சொல்லட்டும் என்று ஒரு பிடிவாதம் வந்திருந்தது.

"என்கிட்டயும் ஒரு வழக்கு இருக்கு" என்றார் சவுண்டு கடைசியில். "நாலு வருஷமாப் பதிவு பண்ணாம வச்சிருக்கேன்."

"நாலு வருஷமா? காலாவதி ஆயிடப் போகுது. எதிர்க்கட்சி யாரு?"

"எதிர்க்கட்சியும் நீங்கதான், ஜட்ஜும் நீங்கதான். அதனாலதான் பயம்."

"சொல்லிப் பாருங்க. நான் பொறுமைசாலின்னு எங்க அப்பா எழுதியே கொடுத்திருக்காரு."

"உங்க வீட்டு ரேடியோவைச் சரி பண்ண வந்த அன்னைக்கே உங்க அப்பாகிட்ட கேக்கணும்னுதான் வந்தேன். மூணு மணி நேரமும் வாய் வரலை. ரேடியோவுல ஒரு கோளாறும் இல்ல, ஒரு வயர் விலகியிருந்துச்சு, அவ்வளவுதான்."

"அது அப்பாவுக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியுமா?"

"ஐயோ, சொல்லுங்க. மூணு நிமிஷம்தான் இருக்கு."

அவர் ஒரு முறை ஆழமாக மூச்சு இழுத்தார். அவள் நேரலைக்கு முன்னால் தினமும் இழுப்பதுபோல.

"உங்க அப்பாகிட்ட அப்புறம் கேக்கறேன். முதல்ல உங்ககிட்டதான் கேக்கணும்" என்றார். "என்னைக் கட்டிக்கறீங்களா?"